தை மாதம் ரொறன்ரோ, கையில் 5 மாதப் பிள்ளை: கார் சீற்றில் ஸ்னோசூட் போடலாமா?

உவர்மலைப்பிள்ளை (மார்கழி 4, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 4 மாதம் முடிந்து 10 நாளாகிறது. தை 9ஆம் திகதி கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோ போகிறோம். இவர் அங்கேதான் வேலை. பிள்ளையை இன்னும் கையில் தூக்கவில்லை, வீடியோவில் பார்த்ததோடு சரி.

மச்சாள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தா. அதற்குள் ஒரு ஸ்னோசூட், விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுகிற மாதிரி. கை, கால், தொப்பி எல்லாம் ஒரே துண்டு, உள்ளே மெத்தை மாதிரிப் பஞ்சு. கூடவே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருந்தா: "இதைக் காருக்குள் போடாதே." இவரைக் கேட்டால், மைனஸ் 15 குளிரில் போடாமல் பின்னே என்ன செய்வது என்கிறார். அம்மா இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறா.

நான் வாழ்க்கையில் கண்ட அதிகக் குளிர், திருகோணமலையிலிருந்து கொழும்பு போகிற ஏசி பஸ். அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த உடுப்பைக் காரில் ஏன் போடக்கூடாது? போடாவிட்டால் விமான நிலைய வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பிள்ளைக்கு என்னதான் போடுவது?

நிலாவெளி_அப்பம்மா (மார்கழி 4, இரவு 10.15)

பிள்ளை, நான் கனடாவில் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றுவிட்டு வந்தவள். அங்கே குளிர் என்றால் மூக்குக்குள்ளே ஊசி குத்துகிற மாதிரி. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும். பச்சைப் பிள்ளைக்கு அந்த ஜக்கெற் கட்டாயம் வேண்டும். பிள்ளையின் கையைத் தொட்டுப் பார், குளிர்ந்திருந்தால் இன்னொன்று போடு. நான்கு பிள்ளை வளர்த்த கை சொல்கிறது.

நான் கம்பளி நூலில் தொப்பியும் காலுறையும் பின்னித் தருகிறேன். நிலாவெளி வந்தால் எடுத்துக்கொண்டு போ.

சாம்பல்தீவான் (மார்கழி 5, காலை 6.50)

ஸ்காபரோவில் 11 வருடமாகக் கார் ஓடுகிறேன், இரண்டு பிள்ளைகளையும் குளிரில்தான் வளர்த்தோம். இது பெரிய விஷயமே இல்லை தங்கச்சி. ஸ்னோசூட்டைப் போட்டுவிட்டுப் பெல்றைக் கொஞ்சம் நீட்டி விடுங்கள். பிறகு நன்றாக இழுத்து இறுக்குங்கள். பெல்ற் இறுக்கமாக இருந்தால் சரி, உள்ளே என்ன உடுப்பு என்பது முக்கியமில்லை. பெல்றைத் தளரவிட்டு ஓடுகிறவர்கள்தான் ஆபத்து.

பாலையூற்றுக்காரி (மார்கழி 5, காலை 8.05)

தம்பி சாம்பல்தீவான் சொன்னதில் பாதி சரி. பெல்ற் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது முழு உண்மை. ஆனால் பஞ்சு வைத்த உடுப்பின் மேல் நீங்கள் இறுக்குகிற இறுக்கம் பிள்ளையைப் பிடிக்கவில்லை, பஞ்சுக்குள் இருக்கிற காற்றைத்தான் பிடிக்கிறது.

நான் இங்கே குழந்தைச் சீற் பொருத்துவதைப் பார்த்துத் திருத்துகிற பயிற்சி எடுத்தவள். சனிக்கிழமைகளில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நின்று பெற்றோரின் சீற்றுகளைப் பார்ப்போம். குளிர்காலத்தில் வருகிற பத்துக் காரில் அரைவாசிக்கு இதே கதைதான்.

தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அதன் மேல் கயிற்றால் இறுக்கக் கட்டுங்கள். பிறகு ஒருவர் வந்து தலையணையை ஓங்கி அமுக்கினால் என்ன ஆகும்? கயிறு இருந்த இடத்திலேயே இருக்கும், தலையணை தட்டையாகும், உங்களுக்கும் கயிற்றுக்கும் நடுவே வெளி விழும். கார் மோதுகிற கணத்தில் ஸ்னோசூட்டுக்கு நடப்பது இதுதான். உடல் போகிற வேகத்தில் பஞ்சிலிருக்கிற காற்று ஒரு நொடிக்குள் வெளியே போய்விடும். அதுவரை இறுக்கமாகத் தெரிந்த பெல்ற் அந்த நேரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். சின்னப் பிள்ளையின் தோள் சிறியது, வழுக்கும். பெல்றுக்குள்ளே நகர்ந்து மேலே எழும்பலாம், மோசமான மோதலில் சீற்றை விட்டே வெளியேறலாம்.

இதை நம்பச் சொல்லவில்லை, வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்னோசூட்டைப் போட்டுப் பிள்ளையைச் சீற்றில் வைத்து, தம்பி சொன்னபடியே நன்றாக இறுக்குங்கள். காறை எலும்புக்குப் பக்கத்தில் தோள் பெல்றை இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலுக்குள் அகப்படக்கூடாது. இனிப் பெல்றின் நீளத்தைத் தொடாமல் கிளிப்பையும் பக்கிளையும் மட்டும் கழற்றி, பிள்ளையை எடுத்து, ஸ்னோசூட்டை உரிந்துவிட்டு, வழக்கமான உடுப்போடு திரும்ப வைத்து மாட்டுங்கள். மறுபடி கிள்ளிப் பாருங்கள். அகப்படுகிற மடிப்பு எவ்வளவோ, அவ்வளவு வெளி அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருந்தது என்று அர்த்தம்.

கன்னியா88 (மார்கழி 5, காலை 9.30)

நல்ல நேரத்தில் வந்த இழை. நாங்களும் தை முதல் கிழமை 7 மாத மகனோடு நுவரெலியா போகிறோம், வாடகை வானில். அங்கே தை மாசியில் புல்லில் உறைபனி விழுகிறது என்கிறார்கள். கொழும்பில் நல்ல தடித்த ஜக்கெற் எங்கே வாங்கலாம்? மலிவாக இருந்தால் நல்லது.

உவர்மலைப்பிள்ளை (மார்கழி 5, காலை 9.52)

அண்ணா, நான் கேட்டது கார் சீற் பற்றி. ஜக்கெற் வாங்க அல்ல, கழற்றத்தான் வழி தேடுகிறேன்.

கன்னியா88 (மார்கழி 5, காலை 10.10)

வானில் சீற் எங்கே தங்கச்சி, அம்மாவின் மடிதான் சீற்.

பாலையூற்றுக்காரி (மார்கழி 5, மாலை 5.20)

கன்னியாவுக்கு: மடியில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக மலை ஏறுகிறீர்கள் என்றால் ஜக்கெற் உங்கள் இரண்டாவது பிரச்சினை. யாரிடமாவது ஒரு குழந்தைச் சீற்றை இரவல் வாங்கி வான் சீற்றில் பெல்றால் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். இடுப்புப் பெல்றாவது இருக்கிற வானைக் கேட்டு எடுங்கள். சில சீற்றுக்குத் தோள் பெல்றும் வேண்டும், கையேட்டில் படம் போட்டிருக்கும். நுவரெலியா இரவுக்கு இரண்டு மெல்லிய உடுப்பும் ஒரு போர்வையும் போதும். ஜக்கெற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

உவர்மலைத் தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், வாசலிலிருந்து வாசல் வரை.

கணவரிடம் சொல்லுங்கள், கையால் தூக்கிக்கொண்டு போகிற வகைச் சீற் வாங்கச் சொல்லி. அதன் அடிப்பாகம் காரிலேயே பூட்டி இருக்கும், சீற்றை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுவரலாம். விமான நிலையத்துக்கு வரும்போது சீற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரட்டும். குளிரில் நின்று பிள்ளையை மாட்டவே தேவையில்லை. அந்த மண்டபம் சூடாக இருக்கும், அங்கேயே பொறுமையாக மாட்டலாம். இரவு முழுக்கக் காருக்குள் கிடந்த சீற் என்றால் துணியும் பக்கிளும் பனிக்கட்டி மாதிரி இருக்கும், அதையும் வீட்டுக்குள் வைத்திருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு உடலோடு ஒட்டிய முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று, தொடைக்கு நடுவே பட்டன் பூட்டுகிற வகை. அதற்கு மேல் பாதம் மூடிய ஒரு முழு உடுப்பு. அதற்கு மேல் பிளீஸ் துணியில் மெல்லிய உடுப்பு ஒன்று. பிளீஸ் கையில் பிடித்தால் தட்டையாக இருக்கும், ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கும். தலைக்கு மெல்லிய தொப்பி, கைக்கு உறை. இவ்வளவையும் போட்டு மாட்டி, கிள்ளிப் பார்த்து, நெஞ்சுக் கிளிப்பை அக்குள் மட்டத்தில் வைத்த பிறகுதான் போர்வை. போர்வை பெல்றின் மேல் வரவேண்டும், ஒருபோதும் அடியில் அல்ல. நெஞ்சிலிருந்து கால் வரை போர்த்தி ஓரங்களைச் செருகுங்கள். வெளியே நடக்கும்போது இன்னொரு போர்வை மேலே. முகம் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

காலில்லாத பை மாதிரித் தைத்த தூக்க உடுப்பு ஒன்று பார்சலில் இருந்தால் அதைக் காரில் போட வழியில்லை. நடுப் பெல்ற் இரண்டு காலுக்கும் இடையில் வரவேண்டும்.

சாம்பல்தீவான் (மார்கழி 5, இரவு 8.45)

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி கிள்ளிப் பார்த்தேன். எங்கள் சின்னவனுக்கு 2 வயது, ஜக்கெற் போட்டு இறுக்கி, கழற்றிவிட்டு மாட்டினேன். என் உள்ளங்கை முழுதும் பெல்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே போனது. 11 வருடம் ஓடியது கடவுள் புண்ணியம். மனைவியிடம் சொன்னால், நான் அப்பவே சொன்னேன் என்றாள். அவள் அப்பவே சொல்லவில்லை, அது வேறு கதை.

ஆனால் ஒரு கேள்வி. நெடுஞ்சாலையில் பனிப்புயலில் வண்டி நின்றுவிட்டால்? ஒருமுறை மூன்று மணித்தியாலம் அப்படி நின்றிருக்கிறோம். அப்போது மெல்லிய பிளீஸோடு பிள்ளை என்ன செய்யும்?

பாலையூற்றுக்காரி (மார்கழி 5, இரவு 9.30)

அதற்குத்தான் ஸ்னோசூட். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, காருக்குள் ஒரு பையில் வைத்திருங்கள், மேலதிகப் போர்வையும் கூட. வண்டி நின்றுவிட்டால் போட்டுக்கொள்ளலாம், தள்ளுவண்டியில் நடக்கப் போனாலும் போடலாம். ஓடுகிற காரில் மட்டும்தான் வேண்டாம். பனிக்குள் நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிட்டால் புகைக்குழாயைப் பனி மூடாமல் இறங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை உள்ளே திரும்பினால் ஆளைக் கொல்லும். அதே காரணத்தால்தான் மூடிய கராஜுக்குள் காரைச் சூடாக்கக்கூடாது.

உங்கள் 2 வயதுக்காரனுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மெல்லிய உடுப்போடு மாட்டிவிட்டு, ஜக்கெற்றை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி, இரண்டு கையையும் அதற்குள் விட்டு மேலே போர்வை மாதிரிப் போடுங்கள். அவனுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

மூதூர்த்தாதி (மார்கழி 6, காலை 5.30)

இரவு வேலை முடித்து வந்து வாசித்தேன். எல்லோரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நிலாவெளி அம்மா கோபிக்கக்கூடாது. பிள்ளையின் கையைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டாம். இந்த வயதில் கையும் காலும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும், சில நேரம் நிறம்கூட மங்கலாகத் தெரியும். கையைப் பார்த்து உடுப்பு ஏற்றினால் உடல் வெந்துவிடும். பிடரிக்குக் கீழே, சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள், அல்லது நெஞ்சைத் தொடுங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் பிள்ளை சரியாக இருக்கிறது. ஈரமாகவோ வேர்வையாகவோ இருந்தால் கூடிப்போனது. கன்னம் சிவந்து, தலைமயிர் நனைந்து, மூச்சு வேகமாக வாங்கினால் உடனே ஒன்றைக் கழற்றுங்கள். நெஞ்சே குளிர்ந்திருந்தால்தான் இன்னொன்று போட வேண்டும்.

குளிர்நாட்டில் பிள்ளைகள் காருக்குள் அதிகம் கஷ்டப்படுவது சூட்டினால். ஹீற்றர் ஏறிவிடும், ஓடுகிறவர் ஜக்கெற்றின் ஜிப்பைத் திறந்துவிடுவார். பின்னால் முதுகு காட்டி இருக்கிற பிள்ளை மட்டும் வாசலில் போட்டதோடு அப்படியே கிடக்கும். அதற்குப் போர்வையைத் தள்ளத் தெரியாது. அளவுக்கு மீறிச் சூடாகித் தூங்குவது, சின்னப் பிள்ளைகள் தூக்கத்திலேயே இறந்துபோகிற சம்பவங்களோடு தொடர்புள்ள ஒரு ஆபத்து. அதனால் கார் சூடானதும் மேல் போர்வையை எடுங்கள், தொப்பியையும் கழற்றுங்கள். தலை வழியாகத்தான் பிள்ளை சூட்டை நிறைய வெளியேற்றும்.

வீட்டுக்கு வந்ததும் தூங்குகிறதே என்று சீற்றோடு மூலையில் வைத்துவிடாதீர்கள். தலை முன்னால் சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடிந்துவிடும். எடுத்துத் தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். விழித்தால் விழிக்கட்டும்.

நிலாவெளி_அப்பம்மா (மார்கழி 6, காலை 7.00)

கோபம் ஒன்றுமில்லை மகள். அந்தக் காலத்தில் கையைத்தான் தொட்டோம். என் கடைசிப் பிள்ளை எப்போதும் வேர்க்குருவோடு திரிந்தது இதனால்தானோ என்னவோ. கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதத்திலும் சட்டை, தொப்பி எல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

சரி, நான் பின்னுகிற தொப்பி காருக்கு ஆகாதா?

பாலையூற்றுக்காரி (மார்கழி 6, காலை 7.40)

ஆகும் அம்மா, கட்டாயம் பின்னுங்கள். பின்னால் தடித்த முடிச்சோ குஞ்சமோ மட்டும் வேண்டாம். தலைக்குப் பின்னால் எதுவாவது மேடாக இருந்தால் தாதித் தங்கச்சி சொன்ன மாதிரி நாடி முன்னால் தள்ளும். கழுத்தில் கட்டுகிற நாடாவும் வேண்டாம். ஸ்னோசூட்டில் தைத்த தடித்த தொப்பிக்கும் இதே குறை இருக்கிறது.

ஒஸ்லோ_மச்சாள் (மார்கழி 6, பிற்பகல் 3.15)

நான் திருக்கடலூர், இப்போது நோர்வேயில். இங்கே சொல்வது கொஞ்சம் வேறு.

முதலாவது, தோலோடு ஒட்டுவது பருத்தி வேண்டாம், மெல்லிய கம்பளிதான். பிள்ளை பால் கக்கினாலோ வேர்த்தாலோ பருத்தி நனைந்து குளிர்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெரினோக் கம்பளி நனைந்தாலும் சூடாக இருக்கும், குத்தாது. என் இரண்டு பிள்ளைகளும் மாரி முழுக்க அதோடுதான்.

இரண்டாவது, இங்கே ஐரோப்பியச் சீற்றுகளில் நெஞ்சுக் கிளிப்பே கிடையாது. அதனால் அக்குள் மட்டம் என்ற பேச்சு எங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, நாங்கள் ஜக்கெற்றை முழுதாகக் கழற்றுவதில்லை. ஜிப்பைத் திறந்து இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, பெல்றை ஜக்கெற்றுக்கு அடியில், உள்சட்டையின் மேல் போட்டு இறுக்குவோம். பிறகு ஜக்கெற்றைப் பெல்றின் மேல் மூடிவிடுவோம். அதோடு ஆட்டுத்தோல் பை ஒன்று விற்கிறார்கள், பெல்ற் வருவதற்கு ஓட்டை வைத்தது. பிள்ளையை அதற்குள் வைத்து மாட்டினால் போர்வையே தேவையில்லை.

பாலையூற்றுக்காரி (மார்கழி 6, இரவு 8.20)

மெரினோ விஷயத்தில் மச்சாள் சொல்வதுதான் சரி. நான் பருத்தி சொன்னது அது திருகோணமலையில் கிடைக்கும் என்பதால். ரொறன்ரோவில் இறங்கிய பிறகு இரண்டு மெரினோச் சட்டை வாங்கிக்கொள்ளலாம்.

ஜக்கெற்றைத் திறந்து மாட்டுவது முன்பக்கத்தைத் தீர்க்கும். முதுகுப் பக்கப் பஞ்சு அப்படியேதானே இருக்கிறது? பிள்ளை பின்னோக்கிய சீற்றில் இருக்கிறது. முன்னால் மோதினால் அது முதுகோடுதான் சீற்றுக்குள் அமுங்கும். அப்போது முதுகுப் பஞ்சு தட்டையாகி முன்னால் அதே வெளி விழும். மெல்லிய ஜக்கெற் என்றால் பெரிய வித்தியாசம் வராது. ஸ்னோசூட்டில் நான் செய்யமாட்டேன்.

ஓட்டை வைத்த பை பற்றி எங்கள் பக்கம் சொல்வது இவ்வளவுதான்: சீற் செய்தவரே அந்தச் சீற்றுக்கென்று சேர்த்துக் கொடுத்தது அல்லது கையேட்டில் அனுமதித்தது என்றால் பாவிக்கலாம். வேறு கடையில் வாங்கி முதுகுக்கும் சீற்றுக்கும் நடுவே போடுகிற எதுவும் வேண்டாம். சீற்றின் வாயில் தொப்பி மாதிரி மாட்டுகிற மேலுறை விற்கிறார்கள், பிள்ளைக்கு அடியில் ஒன்றும் வராது, முகத்துக்கு வட்டமாக வெட்டியிருக்கும். அது பரவாயில்லை. ஆனால் சூடான காருக்குள் திறந்துவிட வேண்டும்.

ஒஸ்லோ_மச்சாள் (மார்கழி 6, இரவு 9.05)

இங்கே பேர்பெற்ற சீற் நிறுவனங்களே அந்தப் பையைச் செய்கின்றன. தாய்சேய் நிலையத்தில் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. கனடாவில் வேண்டாம் என்பது நோர்வேயில் வேண்டும் என்றால் பிள்ளைக்கு உடம்பு மாறிவிடுமா?

பாலையூற்றுக்காரி (மார்கழி 6, இரவு 9.25)

உடம்பு மாறாது மச்சாள், சீற் மாறும். உங்கள் நிறுவனம் தன் சீற்றோடு சோதித்துச் செய்த பை என்றால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? தங்கச்சி ரொறன்ரோ கடையில் வேறு யாரோ செய்த பையை வாங்கி, வேறு யாரோ செய்த சீற்றில் போடுவதைத்தான் சொல்கிறேன்.

ஒஸ்லோ_மச்சாள் (மார்கழி 6, இரவு 9.31)

அப்படிச் சொன்னால் சரி. ஜக்கெற்றைத் திறந்து மாட்டுவதில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உவர்மலைப்பிள்ளை (மார்கழி 8, இரவு 10.30)

எல்லோருக்கும் நன்றி. இன்று செய்து பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறது, அவர்களுடைய தூக்கும் சீற்றை ஒரு மாலைக்கு இரவல் வாங்கினேன். அப்பா பிள்ளையை வைத்து இந்த விளையாட்டு வேண்டாம், 5 கிலோ அரிசிப் பையை வைத்துப் பார் என்றார். அரிசிப் பைக்குத் தோள் எங்கே? அறையில் ஏசியை 18இல் போட்டுப் பிள்ளையைத்தான் வைத்தோம். வெளியே 29 பாகையில் மழை, உள்ளே நாங்கள் ரொறன்ரோ நாடகம் போடுகிறோம்.

முதலில் ஸ்னோசூட். பெல்றை இறுக்க இறுக்கப் பஞ்சு அமுங்கியது, கடைசியில் கிள்ள முடியவில்லை. பார்க்க அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது. கழற்றிவிட்டுப் பெல்றைத் தொடாமல் மாட்டினால், தோள் பெல்ற் இரண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்து மேல்கையில் கிடந்தன. அம்மா தையல் நாடாவை எடுத்து வந்தா. தோளுக்கும் பெல்றுக்கும் நடுவே 5 சென்டிமீற்றருக்குக் கிட்ட. அவ ஒன்றும் சொல்லவில்லை, ஸ்னோசூட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டா.

பிறகு பருத்திச் சட்டை, பாதம் மூடிய உடுப்பு, பார்சலில் இருந்த பிளீஸ் உடுப்பு மூன்றையும் போட்டு இறுக்கிவிட்டு, பிளீஸை மட்டும் கழற்றிப் பார்த்தேன். பெல்ற் கிள்ளுக்கு மட்டுமட்டாக அகப்பட்டது, அவ்வளவுதான். அதற்குள் பிடரி ஈரமாகத் தொடங்கிவிட்டது, பிள்ளையும் கத்தத் தொடங்கிவிட்டாள். 18 பாகையில் நான்கு நிமிடம்தான், வேர்த்துவிட்டது. தாதி அக்கா சொன்னது அப்போதுதான் விளங்கியது.

இரண்டு கேள்வி மிச்சம். இந்தச் சீற்றை அவர்கள் விற்கத் தயார், மலிவாகத் தருகிறார்களாம். வாங்கிக்கொண்டு போகலாமா? இந்த உடுப்பெல்லாம் எங்கே வைத்து மாற்றுவது, உவர்மலையிலிருந்தே போட்டுக்கொண்டா போவது?

பாலையூற்றுக்காரி (மார்கழி 9, காலை 7.15)

5 சென்டிமீற்றர். உங்கள் அம்மாவின் தையல் நாடாவை எங்கள் சனிக்கிழமைக்கு இரவல் தரச் சொல்லுங்கள்.

சீற்றைத் திருப்பி லேபலைப் பாருங்கள். கனடாவில் பாவிக்கிற சீற்றில் வட்டத்துக்குள் மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல சீற்றானாலும் அங்கே பாவிப்பது சட்டப்படி பிழை, அமெரிக்காவில் வாங்கியதற்கும் அதேதான். அவர்கள் அங்கே வாங்கியது என்பதால் முத்திரை இருக்கும். பிறகு காலாவதித் திகதியைப் பாருங்கள், பிளாஸ்ரிக்கில் அச்சடித்திருக்கும் அல்லது லேபலில் இருக்கும். மூன்றாவது, அது எப்போதாவது விபத்தில் இருந்ததா என்று நேராகக் கேளுங்கள். மோதலைக் கண்ட சீற் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாமல் உள்ளே வெடித்திருக்கலாம். அதோடு விமானத்தில் பெட்டியாகப் போட்டால் எறிந்து கையாளுவார்கள். நான் என்றால் கணவரை அங்கே புதிதாக வாங்கச் சொல்வேன். நீங்கள் வர முன்பே பேஸைப் பூட்டிப் பழகவும் அவருக்கு நேரம் கிடைக்கும்.

உடுப்பு விஷயம்: உவர்மலையிலிருந்து ஒரு பருத்திச் சட்டையோடு வாருங்கள். வான் ஏசிக்கு ஒரு போர்வை போதும். பிளீஸ், தொப்பி, கையுறை, இரண்டு போர்வை எல்லாம் கைப்பையில். பெட்டிக்குள் போட்டால் பெட்டி வராத அன்றைக்கு மாட்டிக்கொள்வீர்கள். ரொறன்ரோவில் பெட்டி எடுத்த பிறகு, வெளியே போக முன்பு, உள்ளேயே பம்பர்ஸ் மாற்றிவிட்டு உடுப்பை ஏற்றுங்கள். நனைந்த பம்பர்ஸோடு குளிருக்குள் போக வேண்டாம்.

உவர்மலைப்பிள்ளை (தை 12, ரொறன்ரோ நேரம் அதிகாலை 4.10)

நித்திரை இல்லை, நேரம் மாறிக் கிடக்கிறது. வந்து சேர்ந்துவிட்டோம்.

இவர் சீற்றை உள்ளே கொண்டுவந்திருந்தார், ஆனால் மகளைக் கையில் வாங்கிவிட்டு அரை மணித்தியாலம் சீற்றில் வைக்க விடவில்லை. பிறகு நான்தான் மாட்டினேன். கிளிப் முதலில் வயிற்றில் இருந்தது, அக்குளுக்கு ஏற்றினேன். கிள்ளிப் பார்த்தேன், போர்த்தினேன். வெளியே மைனஸ் 12. என் மூக்குக்குள் அப்பம்மா சொன்ன ஊசி. பிள்ளை தூங்கிக்கொண்டே வந்தாள்.

வழியில் ஹீற்றர் ஏற, பக்கத்தில் இருந்து கழுத்துக்குள் விரலை விட்டேன், கொஞ்சம் ஈரம். ஒரு போர்வையையும் நிலாவெளித் தொப்பியையும் எடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பத் தொட்டேன், உலர்ந்திருந்தது.

நேற்று மாமி வந்து பார்த்துவிட்டு, ஜக்கெற் இல்லாமலா கொண்டுவந்தீர்கள் என்று இவரைப் பேசிவிட்டா. 5 சென்டிமீற்றர் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. சனிக்கிழமை சீற்றோடு வருகிறா, கிள்ளிக் காட்ட வேண்டுமாம்.

நிலாவெளி_அப்பம்மா (தை 12, பிற்பகல் 3.00)

தொப்பி அளவா பிள்ளை? இன்னொரு நிறத்தில் தொடங்கிவிட்டேன்.